சிக்னல் இல்லாத இடத்தில் ஓடும் ஆப்: கேள்வி பதில்

அண்ணா, பால் சங்கத்துக்கு ஒரு வெப் ஆப் செய்தேன். சிக்னல் இல்லாதபோது போட்ட பதிவு, சிக்னல் வந்ததும் இரண்டு தடவை ஏறுகிறது. பட்டனை இருமுறை அழுத்துகிறார்களா?

அழுத்துபவர் மேல் பழி போடாதீர்கள். 8.4 லிட்டர் பதிவு சர்வருக்குப் போய் டேட்டாபேஸிலும் ஏறிவிட்டது. பதில் திரும்பும் வழியில் சிக்னல் போய்விட்டது. பதில் வராததால் ஆப் மறுபடி அனுப்புகிறது. அனுப்பத்தான் வேண்டும், இல்லாவிட்டால் சில பதிவுகள் தொலைந்துபோகும். தடுப்பு சர்வரில் இருக்கட்டும். பதிவு போனில் பிறக்கும்போதே ஓர் அடையாளம் கொடுங்கள். எத்தனை முறை அனுப்பினாலும் அதுவேதான்.

```js
const entry = { id: crypto.randomUUID(), farmer: 112, litres: 8.4 };
await db.put("outbox", entry);
```

சர்வரில் `id`க்கு `UNIQUE` போடுங்கள். அதே `id` மீண்டும் வந்தால் பிழை சொல்லாமல், முதலில் சொன்ன வெற்றிப் பதிலையே சொல்லுங்கள். நான் ஒருமுறை 409 என்ற பிழை எண்ணை அனுப்பி மாட்டிக்கொண்டேன். ஆப் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அனுப்ப, பின்னால் நின்ற பதிவுகளெல்லாம் அப்படியே தேங்கிவிட்டன.

`navigator.onLine` பார்த்து அனுப்பினால் போதுமா?

போதாது. வைஃபையில் ஒட்டியிருந்தாலே `true` சொல்லிவிடும், இணையம் இல்லாவிட்டாலும். அனுப்பிப் பாருங்கள், பதில் வந்தால்தான் உண்டு.

போட்ட பதிவு திரையில் மறைந்து, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வருகிறது. பேய் வேலையா?

சர்வரிலிருந்து வந்த பட்டியலை எடுத்துச் சேமிப்பின் மேல் அப்படியே எழுதுகிறீர்கள். இன்னும் அனுப்பாத பதிவு அதில் இருக்காதே! சர்வர் தந்தது தனி, அனுப்ப வேண்டியது தனி. இரண்டையும் சேர்த்துத் திரையில் காட்டுங்கள்.

சார், இவ்வளவு எதற்கு? போன் நேரத்தையும் அனுப்பி, கடைசியாகத் திருத்தியது நிற்கட்டும் என்று விட்டால் முடிந்தது.

விவசாயியின் போன் எண்ணுக்குச் சரி. மாட்டுத்தீவன இருப்புக்கு? 50 மூட்டை. இணையமில்லாத ஒரு போனில் 3 விற்று 47 என்கிறார்கள். இன்னொன்றில் 5 விற்று 45. கடைசியாகத் திருத்தியது நின்றால் 45, உண்மையில் இருப்பது 42. "மூன்று கழி", "ஐந்து கழி" என்று செயலை அனுப்புங்கள். அப்புறம், போன் கடிகாரத்தை நம்பாதீர்கள்.

அதே ஆள்தான் சார். 4 மூட்டைதான் இருந்து இருவரும் மூன்று மூன்று விற்றால் உங்கள் கணக்கும் -2 தானே?

பிடித்துவிட்டீர்கள். ஆமாம், -2. மூட்டை வண்டியேறிய பிறகு சர்வர் மறுத்து என்ன பயன்? ஏற்றுக்கொண்டு, மேலாளர் திரையில் சிவப்பாகக் காட்டுகிறேன்.

குறுக்கே பேசுகிறேன், மன்னிக்கவும். எங்கள் கிடங்கில் போனுக்கு இத்தனை மூட்டை என்று முன்பே பிரித்துவிடுவோம்.

நல்ல வழிதான். ஆனால் ஒரு போனில் பங்கு தீர்ந்து இன்னொன்றில் மூட்டை தூங்கும்போது வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவீர்களா? எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.

ஐபோனில் பக்கத்தை மூடினாலும் வரிசையில் நிற்கும் பதிவுகள் சர்வருக்குப் போகுமா?

சஃபாரியில் பின்னணி ஒத்திசைவு கிடையாது. திறந்ததும் அனுப்புங்கள், "அனுப்பாதவை 3" என்று திரையில் எப்போதும் தெரியட்டும்.

எனக்கும் பதிவு இரண்டாக ஏறுகிறது, `id` போட்டும்.

முதல் பதிலைப் படியுங்கள். `id`யை அனுப்பும் ஃபங்ஷனுக்குள் உருவாக்குகிறீர்களா? அப்படியென்றால் ஒவ்வொரு முறையும் அது புதுப் பதிவுதான்.