முதல் கிளவுட் சான்றிதழ்: கம்பெனி சார்ந்ததா, பொதுவானதா?

"அக்கா, நான் வந்து நாலு மாதம் ஆகிறது. ஊரில் ஒன்பது வருடம் கணக்குப் பிரிவில் இருந்தேன். இங்கே கிளவுட் வேலைக்கு மாறலாம் என்று படிக்கிறேன். மைக்ரோசாஃப்ட்டின் அஷ்யூர், அமேசானின் ஏடபிள்யூஎஸ் என்று ஒரு கம்பெனியைப் பிடித்துக்கொள்வதா, காம்ப்டியா கிளவுட் பிளஸ் மாதிரி பொதுவானதை முதலில் முடிப்பதா? ஒரு பரீட்சைக்குத்தான் பணம் இருக்கிறது."

தம்பி, ஒரு பரீட்சைக்குத்தான் பணம் என்றால் கம்பெனி சார்ந்ததையே எழுதுங்கள். பொதுவான பாடத்தைப் படியுங்கள், ஆனால் அதற்குப் பணம் கட்டாதீர்கள். உங்கள் விண்ணப்பத்தை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் ஆட்சேர்ப்புப் பிரிவில் இருப்பவர். விளம்பரத்தில் அஷ்யூர் என்று இருந்தால் அந்தச் சொல் உங்கள் தாளில் இருக்கிறதா என்றுதான் தேடுவார். கிளவுட் பிளஸ் படித்தவருக்கு அஷ்யூரும் வரும் என்று ஊகித்துக்கொள்ள அவருக்கு நேரமும் இல்லை, அந்தத் துறை அறிவும் இருக்காது.

எந்தக் கம்பெனி என்பதை நண்பர்களிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டாம், எண்ணிப் பாருங்கள். தினமும் போய்வரக்கூடிய தூரத்தில் வந்திருக்கும் 40 வேலை விளம்பரங்களை எடுங்கள். கிளவுட் சப்போர்ட், ஜூனியர் சிஸ்டம் அட்மின், கிளவுட் ஆபரேஷன்ஸ் போன்ற ஆரம்பநிலை வேலைகள் மட்டும். மூன்று வருடத்துக்கு மேல் அனுபவம் கேட்பதை ஒதுக்கிவிடுங்கள், அவற்றைச் சேர்த்தால் கணக்கு திசைமாறிவிடும். ஒவ்வொன்றிலும் எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறது, அது கட்டாயமா, இருந்தால் நல்லதா என்று குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக 19-இல் அஷ்யூர், 11-இல் ஏடபிள்யூஎஸ், 3-இல் கூகுள், 7-இல் எதுவும் இல்லை என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். கிளவுட் பிளஸ் பெயர் இரண்டில் மட்டும், அதுவும் "அல்லது இணையான சான்றிதழ்" என்று வந்தால் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. இரண்டு கம்பெனிகள் சமமாக வந்தால், உங்கள் பழைய துறையை ஒத்த நிறுவனங்கள் எதைக் கேட்கின்றன என்று பாருங்கள். கணக்குப் பிரிவு அனுபவத்தை மதிக்கப்போவது அவர்கள்தான்.

அஷ்யூர் என்று வந்தால் எழுத வேண்டியது AZ-104. ஏடபிள்யூஎஸ் என்றால் SAA-C03. இவற்றுக்குக் கீழே AZ-900, CLF-C02 என்று அறிமுகப் பரீட்சைகள் இருக்கின்றன. அவற்றின் பாடம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. துறைக்குப் புதியவர் அதைப் படித்தே ஆக வேண்டும். ஆனால் நீங்கள் எதையாவது நிர்வகிப்பீர்கள் என்பதற்கு அது சாட்சி ஆகாது. இரண்டு கம்பெனிகளின் அறிமுகச் சான்றிதழ்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டவர்களுக்கு அழைப்பு வராமல் போவது இதனால்தான்.

செல்லுபடியாகும் காலமும் கணக்கில் வரவேண்டும். AZ-104 ஒரு வருடம்தான். ஆனால் காலாவதிக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் வீட்டிலிருந்தே, இலவசமாக, புத்தகத்தைப் பார்த்தே புதுப்பிக்கலாம். அந்த நாளைத் தவறவிட்டால் முழுப் பரீட்சையை மறுபடி பணம் கட்டி எழுத வேண்டும். SAA-C03, கிளவுட் பிளஸ் இரண்டுக்கும் மூன்று வருடம்.

பொதுவான பாடத்தைப் படிக்கச் சொன்னதற்குக் காரணம் நேர்காணல். அங்கே உட்கார்ந்திருப்பவர் ஆட்சேர்ப்புக்காரர் அல்ல, உங்களோடு வேலை பார்க்கப்போகும் பொறியாளர். "சர்வர் ஓடுகிறது, வலைப்பக்கம் திறக்கவில்லை. என்ன பார்ப்பீர்கள்?" என்று கேட்பார். அஷ்யூர் திரையை மட்டும் மனப்பாடம் செய்தவர் உடனே அதன் ஃபயர்வால் விதிப் பட்டியலான நெட்வொர்க் செக்யூரிட்டி குரூப்பைத் திறந்து விதிகளை மாற்ற ஆரம்பிப்பார். அடிப்படை தெரிந்தவர் முதலில் பிழை என்ன சொல்கிறது என்று பார்ப்பார்:

```
curl -v --connect-timeout 5 http://203.0.113.10
sudo ss -tlnp
```

முதல் கட்டளையை, 203.0.113.10 இருக்கும் இடத்தில் உங்கள் சர்வரின் முகவரியைப் போட்டு, வெளியே உள்ள கணினியிலிருந்து கொடுக்க வேண்டும். ஐந்து விநாடி காத்திருந்து `timed out` என்று வந்தால், அனுப்பிய பாக்கெட்டுக்குப் பதிலே வரவில்லை. வழியில் ஏதோ ஒன்று அதைச் சத்தமில்லாமல் கைவிட்டிருக்கிறது, பெரும்பாலும் ஃபயர்வால் விதி. அஷ்யூரில் இந்த விதிகளை நெட்வொர்க்கின் ஒரு பகுதியான சப்நெட்டிலும் வைக்கலாம், சர்வரின் நெட்வொர்க் கார்டிலும் வைக்கலாம். இரண்டிலும் வைத்திருந்தால் இரண்டுமே அனுமதிக்க வேண்டும். ஒன்றைத் திறந்துவிட்டு இன்னொன்றை மறப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

உடனடியாக `Connection refused` என்று வந்தால் கதை வேறு. பாக்கெட் பெரும்பாலும் சர்வர்வரை போய்விட்டது, அந்தப் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்க ஆளில்லை. அப்போது சர்வருக்குள் போய், எந்தப் போர்ட்டில் எது கேட்கிறது என்று பட்டியலிடும் இரண்டாவது கட்டளையைக் கொடுங்கள். பட்டியலில் வலைப்பக்கத்துக்கான போர்ட் 80 இல்லை என்றால் வெப்சர்வர் கிளம்பவில்லை, அல்லது வேறு போர்ட்டில் கேட்கிறது. `127.0.0.1:80` என்று இருந்தால் வெப்சர்வர் ஓடுகிறது, ஆனால் தன் கணினிக்குள்ளிருந்து வருவதை மட்டுமே ஏற்கிறது. அதை `0.0.0.0:80` ஆக மாற்ற வேண்டும். இந்த நிலையில் கிளவுட் திரையில் எத்தனை விதி சேர்த்தாலும் பக்கம் திறக்காது.

இந்த விளக்கத்தில் அஷ்யூருக்கே உரியது ஒரே ஒரு விஷயம்தான். மற்றதெல்லாம் எந்தக் கிளவுடிலும் இப்படித்தான். இதைத்தான் பொதுவான பாடம் கற்றுத்தரும். காம்ப்டியா தன் தளத்தில் கிளவுட் பிளஸ் பாடத்திட்டத்தை இலவசமாகத் தருகிறது. அதை இறக்கி, தலைப்பு தலைப்பாக ஒரு லினக்ஸ் சர்வரில் செய்து பாருங்கள். ஐபி முகவரி, டிஎன்எஸ், போர்ட், லினக்ஸ் பைல் அனுமதிகள், இந்த நான்கும் கைக்கு வந்த பிறகு AZ-104 பாடத்தைத் தொட்டால் பாதிப் பாரம் குறைந்திருக்கும்.

பொதுவான சான்றிதழுக்கே பணம் கட்டலாம் என்பது ஓரிரு இடத்தில்தான். விளம்பரத்தில் அதன் பெயரே கட்டாயம் என்று இருந்தால் ஒன்று. அரசு ஒப்பந்த வேலைகளில் இப்படி வரும். இன்னொன்று, உங்களுக்கு மட்டும் சொல்வது: வேலையில் சேர்ந்த பிறகு ஃபின்ஆப்ஸ் சான்றிதழைப் பாருங்கள். கிளவுட் செலவைப் பிரித்து, எந்தப் பிரிவு எவ்வளவு எரிக்கிறது என்று கணக்குச் சொல்லும் வேலை அது. ஒன்பது வருடம் பேரேடு பார்த்தவருக்கு அது பிழைப்பு மாற்றமே அல்ல. ஆனால் கிளவுட் பாதுகாப்புச் சான்றிதழான சிசிஎஸ்பி பக்கம் இப்போது போகவே வேண்டாம். அது கேட்பது ஐந்து வருடத் துறை அனுபவம். பாஸ் செய்தாலும் அனுபவம் சேரும்வரை அந்தப் பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போட முடியாது.

பரீட்சைக்குப் பதிவு செய்யும் முன் இரண்டு வேலை. தமிழ் பேசும் உங்களுக்கு ஆங்கிலத்தில் எழுத 30 நிமிடம் கூடுதலாகக் கேட்கலாம். ஏடபிள்யூஎஸ்ஸில் இதன் பெயர் ESL +30. மைக்ரோசாஃப்ட்டிலும் விண்ணப்பம் உண்டு. தேதி எடுப்பதற்கு முன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டும், எடுத்த பிறகு கேட்டால் அந்தப் பரீட்சைக்கு அது சேராது. அடுத்தது பெயர். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் கடைசிப் பெயராக இருக்கும், பழக்கத்தில் இனிஷியல் மட்டும் போடுவோம். பதிவுக் கணக்கில் `S. Kumaran` என்றும் அடையாள அட்டையில் `Kumaran Selvaraj` என்றும் இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டிய பணமும் போகும். கணக்கைத் திறக்கும்போதே அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து அடியுங்கள்.