மொபைலை நிறுத்தியதும் அடம் ஏன் கூடுகிறது?

என் மகனுக்கு 4 வயது. மொபைல் பார்க்காமல் ஒரு வாய் சாப்பிட மாட்டான். போன வாரம் நானும் கணவரும் சாப்பாட்டு நேரத்தில் இனி மொபைல் கிடையாது என்று முடிவெடுத்தோம். முன்பு ஐந்து நிமிடம் சிணுங்கியவன், இப்போது கத்துகிறான், தட்டைத் தள்ளுகிறான், தரையில் தலையை முட்டிக்கொள்கிறான். மூன்றாம் நாள் 40 நிமிடம் அழுததைப் பார்க்கப் பொறுக்காமல் என் மாமியார் மொபைலைக் கொடுத்துவிட்டார். நான்காம் நாள் இன்னும் மோசம். நல்லது செய்யப்போய்ப் பிள்ளையைக் கெடுத்துவிட்டோமா டாக்டர்?
– ஒரு தாய், திருச்சி

கெடுக்கவில்லை அம்மா. முதல் இரண்டு நாள் நீங்கள் பார்த்தது எதிர்பார்க்க வேண்டியதுதான். நான்காம் நாள் பார்த்தது வேறு. அது மூன்றாம் நாளின் விளைவு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் அடுத்து என்ன செய்வது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

தெருமுனையில் ஓர் அடி பம்பு இருக்கிறது. தினமும் நாலு அடி அடித்தால் தண்ணீர் வரும். ஒருநாள் வரவில்லை. உடனே குடத்தைத் தூக்கிக்கொண்டா கிளம்புவோம்? இன்னும் வேகமாக அடிப்போம், கைப்பிடியை ஓங்கி அழுத்துவோம், பம்பை ஒரு தட்டு தட்டிப் பார்ப்போம். அதற்கும் வரவில்லை என்றால்தான் விடுவோம். உங்கள் மகனுக்குச் சிணுங்கல்தான் அந்தக் கைப்பிடி. அழுத்தினால் மொபைல் வரும் என்று இரண்டு மூன்று வருடமாக அவனுக்குப் பழக்கம். திடீரென்று வரவில்லை, அதனால் ஓங்கி அழுத்துகிறான். உளவியலில் இதை ‘எக்ஸ்டிங்ஷன் பர்ஸ்ட்’, அதாவது ஒரு பழக்கம் அணையும் முன் வரும் வெடிப்பு என்பார்கள். அணையப்போகிற விளக்கு ஒருமுறை சுடர்விட்டு எரியும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, கிட்டத்தட்ட அதேதான். சத்தம் கூடும், நேரம் நீளும், அதுவரை செய்யாத புதுச் செய்கைகளும் வரும். தட்டைத் தள்ளுவதும் தலையை முட்டுவதும் அந்த மூன்றாவது வகை. சிணுங்கல் பலிக்கவில்லை, வேறு எது பலிக்கும் என்று அவன் தேடிப் பார்க்கிறான். உங்களைப் பழிவாங்குகிறான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 4 வயதுக் குழந்தைக்கு அவ்வளவு திட்டமெல்லாம் கிடையாது.

இப்போது மூன்றாம் நாளுக்கு வருவோம். ஐந்து நிமிடச் சிணுங்கலுக்கு மொபைல் கிடைக்கவில்லை. 40 நிமிட அழுகைக்கும் தலைமுட்டலுக்கும் கிடைத்தது. அன்று அவன் கற்றுக்கொண்டது ‘மொபைல் கிடையாது’ என்பதை அல்ல. ‘விலை ஏறியிருக்கிறது’ என்பதை. அதனால் நான்காம் நாள் ஐந்து நிமிடச் சிணுங்கலில் ஆரம்பிக்காமல் நேராகத் தலைமுட்டலிலேயே ஆரம்பிக்கிறான். பம்பு கதையில் இன்னொரு விஷயமும் உண்டு. தண்ணீர் அறவே வராத பம்பை மக்கள் சீக்கிரம் கைவிட்டுவிடுவார்கள். எப்போதாவது வருகிற பம்பை விடமாட்டார்கள், அடித்துக்கொண்டே இருப்பார்கள். நாலு நாள் மறுத்து ஐந்தாம் நாள் இரங்குவது, தினமும் கொடுப்பதைவிட அழுகையை உறுதிப்படுத்தும்.

இந்தத் துறையில் பழைய நிகழ்வு ஒன்று உண்டு. 1959-ல் சி. டி. வில்லியம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரே ஒரு குழந்தையைப் பற்றி எழுதினார். சுமார் 21 மாத ஆண் குழந்தை. முதல் 18 மாதம் கடுமையாக நோயுற்றிருந்ததால் வீடே அவனைத் தாங்கிப் பழகிவிட்டது. உடம்பு தேறிய பிறகும் இரவில் அவன் தூங்கும்வரை யாராவது அரைமணியிலிருந்து இரண்டு மணி நேரம் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அவர் எழுந்து போனால் வீறிட்டு அழுவான். பிறகு பெற்றோர் அவனை நிதானமாகப் படுக்கவைத்துவிட்டு, திரும்பிப் போகாமல் இருந்தார்கள். முதல் இரவு 45 நிமிடம் அழுதான். இரண்டாம் இரவு அழவே இல்லை. மூன்றாம் இரவு மறுபடி கொஞ்சம். பத்தாவது முறைக்குள் முனகல்கூட இல்லை. சுமார் ஒரு வாரம் கழித்து ஓர் இரவு அவனைப் படுக்கவைத்தது அவனுடைய அத்தையோ சித்தியோ. அவன் அழுதான், அவர் மனம் கேட்காமல் உள்ளே போய் அவன் தூங்கும்வரை இருந்தார். அந்த ஒரே இரவு போதுமானதாக இருந்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இரண்டாம் சுற்றில் ஒன்பதாவது முறையில்தான் அழுகை நின்றது. குழந்தையைத் தனி அறையில் விட்டுக் கதவைச் சாத்துவது நம் வீட்டு வழக்கமில்லை, அதைச் செய்யச் சொல்லவும் இல்லை. திருச்சியிலானாலும் அமெரிக்காவிலானாலும் மூன்றாவது ஆள் ஒருவர் இருப்பார் என்பதற்காகச் சொன்னேன்.

ஆகவே உங்கள் கணக்கும் மறுபடி ஒன்றிலிருந்துதான். தொடங்கும் முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: 40 நிமிடம் அல்ல, ஒரு மணி நேரம் அழுதாலும் வீட்டில் எல்லோரும் தாங்குவோமா? முடியாது என்றால் இப்போது தொடங்காதீர்கள். வீட்டில் கல்யாணம், ஊர்ப் பயணம், குழந்தைக்குச் சளி காய்ச்சல் என்று ஏதாவது இருந்தால் தள்ளிப்போடுங்கள். அதுவரை மொபைலைக் கொடுப்பதாக இருந்தால் முதல் முறை கேட்கும்போதே கொடுத்துவிடுங்கள். கேட்டதும் கொடுப்பது நல்ல பழக்கம் என்பதல்ல. அழவைத்துப் பிறகு கொடுப்பது அதைவிடக் கெட்டது.

தொடங்கும்போது மறுப்பு மட்டும் போதாது. லெர்மன், இவாட்டா என்ற இரு ஆய்வாளர்கள் 1995-ல் இப்படிப்பட்ட 113 நிகழ்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வெறுமனே கொடுப்பதை நிறுத்தியபோது 36 சதவீதத்தில் இந்த வெடிப்பு வந்தது. கூடவே வேறு வழிகளையும் சேர்த்துச் செய்தபோது 12 சதவீதமாகக் குறைந்தது. அவர்கள் பார்த்தது சிகிச்சையில் இருந்தவர்களை. வீட்டுக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது. ஆனால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது தெளிவு. பழைய பம்பைப் பூட்டினால் மட்டும் போதாது, பக்கத்தில் ஒரு குழாயைத் திறந்துவிட வேண்டும்.

உங்கள் வீட்டில் அதை இப்படிச் செய்யலாம். மொபைலுக்கு ஒரு நேரம் வையுங்கள், உதாரணமாக மாலை 6 மணிக்கு அரைமணி. (3, 4 வயதில் எல்லாத் திரையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது.) அந்த நேரம் அழுதாலும் அழாவிட்டாலும் வரும், முடியும். சாப்பாட்டுக்கு உட்காரும் முன், அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒருமுறை சொல்லுங்கள்: “சாப்பிடும்போது மொபைல் இல்லடா கண்ணா, சாயங்காலம் ஆறு மணிக்கு.” அழ ஆரம்பித்த பிறகு விளக்கம் வேண்டாம். அழுகிற குழந்தையிடம் பத்து காரணம் சொல்வதும் ஒருவகைப் பரிசுதான். பக்கத்திலேயே இருங்கள், முகத்தை இறுக்க வேண்டாம், சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் பேசாமல் நீங்கள் சாப்பிடுங்கள். கண்டுகொள்ளாமல் விடவேண்டியது அழுகையைத்தான், குழந்தையை அல்ல. குரல் இறங்கிய நொடியில், ஒரு மூச்சு அமைதியானாலும், திரும்பிப் பேசுங்கள். தலையை முட்டினால் பேசாமல் ஒரு தலையணையை இடையில் வையுங்கள், அல்லது தூக்கிப் பாயில் விடுங்கள். அடித்தால் கையைப் பிடித்து இறக்கிவிட்டு ஒரு அடி தள்ளி உட்காருங்கள். மொபைல் மட்டும் வராது.

20, 30 நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், அடுத்த வேளைவரை பிஸ்கெட் வேண்டாம், தண்ணீர் கொடுங்கள். நன்றாக வளர்ந்துவரும் குழந்தை சில நாள் குறைவாகச் சாப்பிடுவதால் ஆபத்தில்லை. எடை முன்பே குறைவாக இருந்தால் எங்களிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. சில குழந்தைகள் மொபைலுக்காக அழுவதில்லை, சாப்பாட்டிலிருந்து தப்பிக்க அழுகின்றன. தட்டை எடுத்ததும் சட்டென்று அழுகை நின்று ஓடிப்போய் விளையாடினால் உங்கள் வீட்டிலும் கதை அதுதான். அப்போது அழுகையின் உச்சத்தில் தட்டை எடுப்பதே அவன் கேட்டதைக் கொடுப்பதாகிவிடும். தட்டில் மூன்று வாய் மட்டும் வைத்து, அதை முடித்ததும் எழுந்திருக்க விடுங்கள்.

மாமியாரைக் குற்றவாளி ஆக்காதீர்கள். பேரன் தலையை முட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எந்தப் பாட்டியாலும் முடியாது. அந்த வேளையில் அவர் கைக்கு ஒரு வேலை வேண்டும். கதை சொல்லி ஊட்டுவது அவருக்கு உங்களைவிட நன்றாக வரும். சாப்பாட்டுக் கதை பாட்டியுடையது என்று ஆக்கிவிடுங்கள். முடியவே இல்லை என்றால் முதல் வாரம் அந்த அரைமணி அவர் மாடிக்கோ கோயிலுக்கோ போய்வரட்டும். மொபைல் அவர் கைக்கு எட்டாமல் இருந்தால் அவருக்கும் நிம்மதி.

சமையலறைக் காலண்டரில் தினமும் அழுத நிமிடங்களைக் குறித்து வையுங்கள். 25, 40, 35, 10, 20, 5 என்று மேலும் கீழுமாகத்தான் இறங்கும். ஒருநாள் எண்ணை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள், வாரத்தை வாரத்தோடு ஒப்பிடுங்கள். வெடிப்பு பெரும்பாலும் முதல் சில நாள்தான். இரண்டு வாரமாகியும் இறங்கவில்லை என்றால் யாரோ எங்கோ கொடுக்கிறார்கள், அல்லது அழுகையின் காரணம் மொபைல் இல்லை.

அழும்போது மூச்சை அடக்கி உதடு நீலமாகி மயங்கினால் முதல் தடவையே காட்டுங்கள். பெரும்பாலும் தானாகச் சில நொடிகளில் தெளிந்துவிடும், ஆனாலும் வலிப்பா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இரும்புச் சத்துக் குறைவு இருந்தால் இது அடிக்கடி வரும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அடம் இல்லாத நேரத்திலும் தலையை முட்டிக்கொள்கிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை, பேச்சு வயதுக்கு ஏற்றபடி இல்லை என்றால் இந்த முறையை நிறுத்திவிட்டு வளர்ச்சிப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.

இன்னொன்று. எல்லாம் அடங்கி மூன்று வாரம் கழிந்திருக்கும். ஊருக்குப் போய் வந்த மறுநாளோ காய்ச்சல் விட்ட மறுநாளோ, பழைய அழுகை அப்படியே எழும். பதறாதீர்கள், மறந்த கைப்பிடியை ஒருமுறை அழுத்திப் பார்க்கிறான். அன்றும் ஆறு மணிக்குத்தான் மொபைல்.