சிஓடி பணம் தேதி தாண்டியும் வரவில்லை: கூரியர் நிறுவனத்துக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: ஆன்லைனில் கைப்பை விற்கிறேன். பை ஒன்று 1,200 ரூபாய். இந்த மாதம், டெலிவரியின்போது பணம் வாங்கும் சிஓடி முறையில் அனுப்பிய 72 பார்சலுக்கு 86,400 ரூபாய் வரவேண்டும். கூரியர் நிறுவனத்துக்குப் போன் செய்தால் "ப்ராசஸில் இருக்கிறது" என்பதோடு சரி. கறாராக ஒரு கடிதம் எழுத வேண்டும். எப்படி எழுதுவது? ஒப்பந்தத்தையும் பார்சல் பட்டியலையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: கடிதத்தில் 86,400 என்று எழுதாதீர்கள். அந்தத் தொகையில் தவறு காட்டுவது அவர்களுக்கு எளிது. ஒரு தவறு கிடைத்துவிட்டால் "கணக்கைச் சரிபார்க்கிறோம்" என்று இன்னும் இரண்டு வாரம் ஓட்டுவார்கள்.

உங்கள் ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்க்கலாம். டெலிவரி ஆன நாளிலிருந்து 7 நாள் கழித்து, அதையடுத்து வரும் புதன்கிழமை பணம் போட வேண்டும். நாள் கணக்கு நீங்கள் பார்சலைக் கொடுத்த நாளிலிருந்து அல்ல, டெலிவரி நாளிலிருந்து ஓடுகிறது. பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். 3ஆம் தேதி திங்களன்று டெலிவரி ஆன பார்சலுக்கு 7 நாள் முடிவது 10ஆம் தேதி. பணம் வரவேண்டியது 12ஆம் தேதி புதன்கிழமை. உங்கள் ஒப்பந்தத்தில் வெறுமனே "நாள்" என்றுதான் இருக்கிறது. "வேலை நாள்" என்று இருந்திருந்தால் விடுமுறைகளைக் கழித்து எண்ண வேண்டியிருக்கும்.

28ஆம் தேதி வெள்ளியன்று கடிதம் அனுப்புவதாக வைத்து, அதற்கு முந்தைய புதனான 26ஆம் தேதியை எல்லையாகக் கொண்டு உங்கள் பட்டியலைப் பிரித்தோம். 72இல் 9 பார்சல் வாடிக்கையாளர் வாங்காமல் திரும்பியவை; அவற்றுக்கு வசூலே இல்லை. 5 இன்னும் வழியில் இருக்கின்றன. 11 பார்சல் 20ஆம் தேதியிலும் அதற்குப் பிறகும் டெலிவரி ஆனவை, அவற்றுக்குக் கெடு வரவில்லை. இன்னொரு 6 பார்சலுக்குப் பணம் ஏற்கெனவே வந்துவிட்டது! 7,200 ரூபாயில் சிஓடி கட்டணமும் ரிட்டர்ன் கட்டணமுமாக 1,340 பிடித்துக்கொண்டு 5,860 போட்டிருக்கிறார்கள். வங்கிக் கணக்கில் 1,200இன் மடங்காக வராததால் உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. ஒவ்வொரு முறை பணம் போடும்போதும் அவர்களுடைய தளத்தில் ரெமிட்டன்ஸ் ரிப்போர்ட் ஒன்று ஏறும். பார்சலின் கண்காணிப்பு எண்ணான ஏடபிள்யூபி எண் வாரியாக எவ்வளவு வசூல், எவ்வளவு பிடித்தம் என்பது அதில்தான் இருக்கும். வங்கி வரவை அதோடுதான் ஒப்பிட வேண்டும், ஆர்டர் பட்டியலோடு அல்ல.

ஆக, கெடு தாண்டியவை 41 பார்சல், 49,200 ரூபாய். கேட்கும் தொகை குறைகிறதே என்று தயங்க வேண்டாம். இதில் ஒரு ரூபாயைக்கூட அவர்களால் மறுக்க முடியாது.

அடுத்தது பிடித்தம். வசூலிலிருந்து சரக்குக் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். 6,100 ரூபாய்க்கான பில் சரியாகவே இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ளுங்கள். "எடை வித்தியாசம்" என்று போட்டிருக்கும் 3,400 ரூபாய்தான் சந்தேகம். உங்கள் பெட்டி 30 × 25 × 10 செ.மீ. ஒப்பந்தப்படி பெருக்கி 5000ஆல் வகுத்தால் பெட்டியின் அளவுக்கான எடை 1.5 கிலோ. தராசில் 800 கிராம்தான் வருகிறது என்று வாதாடிப் பயனில்லை. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். ஆனால் அவர்கள் 2 கிலோ என்று போட்டிருக்கிறார்கள். இங்கே உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒட்டிய பெட்டியை டேப் வைத்து அளந்து, ஏடபிள்யூபி லேபிளும் சேர்ந்து தெரியும்படி மூன்று பக்கமும் படம் எடுத்து இணையுங்கள். எடை பற்றிய மறுப்புக்கு ஒப்பந்தத்தில் தனிக் கெடு இருக்கிறது. பணம் வரும்வரை அதை ஒத்திப்போட வேண்டாம்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

> பொருள்: கெடு தாண்டிய சிஓடி வசூல் 49,200 ரூபாய், 41 பார்சல், வாடிக்கையாளர் குறியீடு ______
>
> ஐயா / அம்மையீர்,
>
> நமது ஒப்பந்தத்தின் ______ஆம் பிரிவின்படி, டெலிவரி முடிந்து 7 நாளுக்குப் பின் வரும் புதன்கிழமை சிஓடி வசூலை நீங்கள் எனக்கு அனுப்ப வேண்டும். 3ஆம் தேதி முதல் 18ஆம் தேதி வரை டெலிவரி ஆனதாக உங்கள் டிராக்கிங் காட்டும் 41 பார்சலுக்கான தொகை, 26ஆம் தேதி புதன்கிழமை கடந்தும் வரவில்லை. ஏடபிள்யூபி எண், டெலிவரி தேதி, வசூல் தொகை, வரவேண்டிய தேதி ஆகியவற்றை இணைப்பு 1இல் தந்துள்ளேன்.
>
> இதில் சரக்குக் கட்டணம் 6,100 ரூபாயைக் கழித்துக்கொள்ள ஒப்புகிறேன். எடை வித்தியாசம் என்று காட்டியுள்ள 3,400 ரூபாயை ஏற்கவில்லை. காரணமும் படங்களும் இணைப்பு 2இல் உள்ளன. எனவே எனக்கு வரவேண்டியது 43,100 ரூபாய். உங்கள் கணக்குப்படியே பார்த்தாலும் 39,700 ரூபாயை நிறுத்திவைக்கக் காரணம் எதுவும் இல்லை. எடை விவகாரம் முடியும்வரை காத்திராமல் அந்தத் தொகையை உடனே அனுப்புங்கள்.
>
> 5 வேலை நாளுக்குள் பணத்தை அனுப்பி, வங்கிப் பரிவர்த்தனை எண்ணையும் ஏடபிள்யூபி வாரியான விவரத்தையும் தெரிவியுங்கள். ஏதேனும் பார்சலின் தொகையை நிறுத்தியிருந்தால், அதன் எண்ணையும் காரணத்தையும் எழுத்தில் தாருங்கள்.
>
> இப்படிக்கு,
> (பெயர், கடைப் பெயர், கணக்கில் பதிவான தொலைபேசி எண்)

கடைசிப் பத்தியில் காரணத்தை எழுத்தில் கேட்பது வெறும் சம்பிரதாயம் அல்ல. வங்கி விவரம் சரிபார்க்கப்படாமல் கிடப்பது, குறைந்தபட்சத் தொகை சேராதது, டெலிவரி ஊழியர் வாங்கிய பணம் கிளையிலிருந்து தலைமைக் கணக்குக்குப் போகாதது என்று "ப்ராசஸ்" என்ற ஒரே சொல்லுக்குள் பல ஒளிந்திருக்கும். முதல் இரண்டையும் நீங்களே ஒரே நாளில் சரிசெய்துவிடலாம். மூன்றாவது முழுக்க அவர்கள் பாடு; அதைச் சொல்லி உங்கள் பணத்தை நிறுத்த முடியாது.

கணக்கில் பதிவான மின்னஞ்சலிலிருந்தே அனுப்புங்கள். சிஓடி கணக்குப் பிரிவு, உங்கள் கணக்கைக் கவனிக்கும் அதிகாரி, ஒப்பந்தத்தில் குறித்துள்ள புகார் முகவரி ஆகிய மூன்றுக்கும் ஒரே மடலாகப் போகட்டும். அதையே தளத்திலும் டிக்கெட்டாகப் பதிந்து, எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். கூரியரிடம் நேரடியாக இல்லாமல் இடைத்தளம் ஒன்றின் வழியாகப் பதிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒப்பந்தம் யாருடனோ அவர்தான் பணத்துக்குப் பொறுப்பு. பார்சலைச் சுமந்த கூரியருக்கு எழுதினால் அவர்கள் கைவிரிப்பார்கள்.

கோபத்தில் சரக்குக் கட்டணத்தைக் கட்டாமல் விடாதீர்கள். கணக்கை முடக்கி, திரும்பிவரும் 9 பார்சலையும் அவர்கள் பிடித்துவைக்க அதுவே சாக்காகிவிடும். பதில் வரும்வரை புது சிஓடி ஆர்டர்களை வேறு கூரியரில் அனுப்புங்கள், அல்லது முன்பணம் கட்டுபவர்களுக்கு மட்டும் இந்தக் கூரியரைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு புதனும் சிக்கும் தொகை கூடிக்கொண்டே போகும்.

5 வேலை நாள் கடந்தும் அசைவில்லை என்றால், ஒப்பந்தத்தின் தகராறு தீர்வுப் பிரிவைப் பாருங்கள். உங்களுடையதில் நடுவர் மன்றம் என்று இருப்பதால், வழக்கறிஞர் நோட்டீஸும் அந்தப் பிரிவைச் சுட்டியே போக வேண்டும். அதோடு இதே கடிதத்தையும் இணைப்புகளையும் வைத்தால் போதும், புதிதாகக் கதை எழுத வேண்டியதில்லை. 20ஆம் தேதி முதல் டெலிவரி ஆன 11 பார்சலின் கெடு அதற்குள் வந்திருந்தால், அவற்றைத் தனிப் பட்டியலாகச் சேருங்கள். பழைய 41ஓடு கலக்க வேண்டாம்.