பால் கணக்கில் 10 லிட்டர் எங்கே போனது?

"பவானிப் பக்கமுங்க. எருமைப் பால் கணக்கை எக்செலில் திங்கள் முதல் சனி வரை 10, 12, வெற்று, 0, 8, 10 என்று போட்டிருக்கேன். கையால் கூட்டினால் 40. ஷீட்டில் 30, சராசரி 7.5. ஏனுங்க?"

திங்கள், சனி இரண்டில் ஒரு நாளின் 10தான் காரணமுங்க. அது எண்ணாக இல்லாமல் எழுத்தாகப் பதிவாகியிருக்கிறது. வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டும்போது இப்படி நடப்பதுண்டு. SUM, AVERAGE இரண்டுமே செல் வரிசையில் எழுத்தைக் கண்டால் சத்தமில்லாமல் தாண்டிவிடும். அதனால் 30ஐ நாலால் வகுத்து 7.5 வந்தது. கணக்கு B2 முதல் B7 வரை இருந்தால் இதைப் போட்டுப் பாருங்க:

```
=COUNT(B2:B7)
=COUNTA(B2:B7)
```

முதலாவது எண்களை மட்டும் எண்ணி 4 தரும். இரண்டாவது காலியில்லாத எல்லாவற்றையும் எண்ணி 5 தரும். அந்த வித்தியாசம்தான் எழுத்தாகிப்போன அந்த 10. அந்த 10 செல்லின் இடதுபக்கம் ஒட்டி நிற்பதும் ஓர் அடையாளம், ஆனால் யாராவது நடுவில் நிறுத்தியிருந்தால் தெரியாது.

அந்தப் பத்தியைத் தேர்ந்து Data, Text to Columns, Finish கொடுங்க. கூட்டுத்தொகை 40, சராசரி 8 ஆகிவிடும்.

ஏன் ஆறால் வகுக்கவில்லை? வெற்று என்றால் அளவு தெரியாது, 0 என்றால் அளந்து பால் இல்லை. புதனன்று எழுத மறந்திருந்தால் வெற்றாகவே விடுங்க. பாலே கறக்கவில்லை என்றால் 0 போடுங்க, சராசரி 6.67க்கு இறங்கும்.