கீழ்ப் பெட்டி ஏன் நசுங்குகிறது? பேலட் அடுக்கு குறித்த கேள்வி பதில்

ஓசூர், கிடங்கு மேற்பார்வையாளர்: செங்கல் சுவர் போல வரிசைக்கு வரிசை மாற்றித்தான் அடுக்குகிறோம். ஆனாலும் ஐப்பசி பிறந்தால் அடிப் பெட்டிகள் நசுங்கிவிடுகின்றன. 5 பிளை பெட்டி. 400க்கு 300 மி.மீ., உயரம் 250, எடை 12 கிலோ. 1200க்கு 1000 மரப் பேலட்டில் 5 வரிசை, அதன் மேல் இன்னொரு பேலட். பெட்டிக்காரர் தந்த சோதனைத் தாளில் 400 கிலோ தாங்கும் என்று இருக்கிறது.

நசுக்குவது மழை மட்டும் இல்லை, அந்தச் செங்கல் அடுக்கும்தான். அட்டைப் பெட்டி சுமையைத் தாங்குவது பெரும்பாலும் அதன் நான்கு மூலைகளால். பக்கங்களின் நடுப்பகுதி லேசாகப் பிதுங்கி ஒதுங்கிவிடும். மூலைக்கு நேராக மூலை இருந்தால்தான் பெட்டிக்கு முழு பலம். மாற்றி அடுக்கும்போது மேல் பெட்டியின் மூலை கீழ்ப் பெட்டியின் மூடி நடுவே போய் உட்காருகிறது. பலத்தில் பாதி வரை அங்கேயே போய்விடும்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஒரு வரிசைக்கு 10 பெட்டி, ஆக ஒரு பேலட்டில் 600 கிலோ. அடிப் பெட்டியின் மேல் அதே பேலட்டின் 4 பெட்டிகள், 48 கிலோ. மேல் பேலட் கட்டையோடு சேர்த்து 625 கிலோ என்று கொண்டால், பங்குக்கு 62 கிலோ. மொத்தம் 110. தாளில் உள்ள 400 கிலோ, உலர்ந்த காலிப் பெட்டியைச் சில நிமிடங்களில் அழுத்திப் பார்த்த எண். நேர் அடுக்கில் அது சுமையைப் போல மூன்றரை மடங்குக்கு மேல். மாற்றி அடுக்கினால் 200க்கு இறங்குகிறது. அட்டை ஈரம் குடித்தால் அதிலும் பெரும் பங்கு போகும். வாரக்கணக்கில் சுமந்து நின்றால் இன்னும் தளரும். 110 கிலோவுக்கு அப்புறம் என்ன மிச்சம் இருக்கிறது?

நேர் அடுக்கு என்றதும் பலர் வரிசைக்கு 9 பெட்டிதான் கொள்ளும் என்று பயப்படுகிறார்கள். தேவையில்லை. பேலட்டின் 1200 பக்கத்தை ஒட்டி, பெட்டியின் 300 பக்கம் வருமாறு 4 பெட்டி வையுங்கள். அதன் பின்னால் 400 பக்கம் வருமாறு மூன்று, அதற்கும் பின்னால் அதேபோல இன்னும் மூன்று. 400, 300, 300 சேர்ந்து சரியாக 1000. பத்தும் அடங்கிவிட்டது. ஒரே வரிசைக்குள் பெட்டிகள் திசை மாறி இருக்கலாம். அடுத்த வரிசையும் அதே படத்தில் வந்தால் அது நேர் அடுக்குதான். தவறு நடப்பது இரண்டாவது வரிசையில் படத்தைத் திருப்பிப் போடும்போது.

இன்னொன்று: மேல் பேலட்டின் அடிப்பலகைகள் பத்துப் பெட்டியையும் சமமாக மிதிப்பதில்லை. பலகை உட்கார்ந்த இடம் மட்டும் பள்ளம் விழும். நடுவில் ஒரு பிளைவுட் தகடு போடுங்கள். சாய்வைக் கண்ணால் மதிப்பிடாமல், மேல் விளிம்பிலிருந்து ஒரு நட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். அடிப் பெட்டியின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே குறுக்காக ஒரு சுருக்கம் விழுந்திருந்தால், அன்றே பிரித்துவிடுங்கள்.

காங்கேயம், அரிசி ஆலை: இருபது வருடமாக மாற்றி மாற்றித்தான் அடுக்குகிறோம், ஒன்றும் சரியவில்லை. மாற்றி அடுக்குவதுதான் உறுதி. நீங்கள் சொல்வது ஏட்டுச் சுரைக்காய்.

உங்கள் அனுபவம் சரி, அதைப் பெட்டிக்கும் நீட்டுவதுதான் தவறு. மூட்டைக்கு மூலை பலம் என்று ஒன்று கிடையாது. உள்ளே இருக்கும் அரிசியே சுமையைத் தாங்குகிறது. அதனால் மாற்றி அடுக்குவதில் இழப்பு இல்லை, பிணைப்பு மட்டும் லாபம். நிரம்பிய மூட்டை 600க்கு 400 அளவில் இருந்தால் ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு என்று ஐந்து அடங்கும். அடுத்த வரிசையில் மூன்று இருந்த பக்கம் இரண்டு. மூட்டையை நேர் அடுக்கில் வைத்தால்தான் ஐந்தும் ஐந்து திசையில் பிரியும். தையல் வாய் உள்நோக்கி இருக்கட்டும். பளபளப்பான பூச்சுள்ள பிளாஸ்டிக் சாக்குக்கு மாறும் நாளில் மட்டும் எச்சரிக்கை. சணலின் பிடிமானம் அதற்கு இல்லை.

லாரி உரிமையாளர், சேலம்: நேர் அடுக்கு கிடங்கில் நிற்கும். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் அடித்தால் தூண் தூணாகச் சரிந்துவிடுமே?

நியாயமான கேள்வி. நேர் அடுக்கின் பலவீனம் அதுதான். அடி வரிசைகளை நேராகவும் மேல் ஒன்றிரண்டு வரிசைகளை மட்டும் மாற்றியும் வையுங்கள். மேலே இன்னொரு பேலட் ஏறாதவரை மேல் வரிசையின் தலையில் சுமை இல்லை, அங்கே பலம் குறைந்தாலும் பாதகமில்லை. பிறகு ஸ்ட்ரெட்ச் ஃபிலிம். எங்கள் கிடங்கில் ஒரு முறை ஃபிலிம் அழகாகச் சுற்றியிருந்தது, ஆனால் பெட்டிகளை மட்டும். வண்டி நின்றபோது மொத்தச் சுமையும் ஒரே கட்டியாகப் பேலட்டை விட்டு வழுக்கி இறங்கியிருந்தது. சுற்று பேலட்டின் கட்டையிலிருந்தே தொடங்க வேண்டும், அங்கே மூன்று சுற்று. மேலே போகப் போக முந்தைய சுற்றைப் பாதி மூடியபடி.

பிரேக்குக்கு ஐரோப்பியத் தரமான EN 12195-1 எடுத்துக்கொள்ளும் அளவு, எடையில் 0.8 பங்கு முன்னோக்கி. 600 கிலோ பேலட் என்றால் 480 கிலோ தள்ளல். மரத்தளத்தின் உராய்வை 0.3 என்று வைத்தால் 180 கிலோவைத்தான் அது பிடிக்கும். மீதி 300 கிலோவை முன்சுவரோ பெல்ட்டோ ஏற்க வேண்டும். ஆகவே முதல் பேலட் முன்சுவரை ஒட்டியும், அடுத்தவை ஒன்றையொன்று ஒட்டியும் இருக்கட்டும். இடைவெளியில் காலிப் பேலட்டை நிறுத்தி அடையுங்கள். முன்சுவர் அத்தனை பேலட்டின் தள்ளலையும் தாங்குமா என்பது உங்கள் வண்டியின் பாடியைப் பொறுத்தது. அதைப் பார்க்காமல் நான் உறுதி சொல்ல மாட்டேன்.

ஓசூர், மீண்டும்: ஆக, மேல் இரண்டு வரிசையை மாற்றி வைத்தால் ஃபிலிம் செலவு மிச்சம் என்று புரிந்துகொள்கிறேன்.

நான் அப்படிச் சொல்லவில்லை. மாற்றிய வரிசை தூண்களின் தலையைச் சேர்த்துக் கட்டுகிறது. சுமையைப் பேலட்டோடு கட்டுவது ஃபிலிம் மட்டுமே.

திருப்பூர், ஏற்றுமதி: ஜெர்மனி வாடிக்கையாளர் 1200க்கு 800 பேலட் கேட்கிறார். எங்களிடம் HT முத்திரையுள்ள 1200க்கு 1000 இருக்கிறது. முத்திரை இருந்தால் பலமான பேலட்தானே?

அந்த முத்திரை பலத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் இருந்தது, அதனால் மரத்தோடு பூச்சி அடுத்த நாட்டுக்குப் போகாது என்பதே அதன் பொருள். வாடிக்கையாளர் கேட்ட அளவையே வாங்குங்கள். மேலே வந்த 400க்கு 300 பெட்டி அதில் வரிசைக்கு 8, இம்மி பிசகாமல் நேர் அடுக்கில் அடங்கும். ஒன்பதாவதைத் திணித்து விளிம்புக்கு வெளியே நீட்ட வேண்டாம். வெளியே தொங்கும் மூலை எதையும் தாங்காது.

கோவை, உதிரிபாகக் கிடங்கு: 4 டன் தாங்கும் என்று அச்சிட்ட பிளாஸ்டிக் பேலட்டில் 1 டன்தான் வைத்தோம். ரேக்கில் வில் போல வளைகிறது. போலிச் சரக்கா?

போலியாக இருக்க வேண்டியதில்லை. 4 டன் என்பது சமதளத் தரையில் அசையாமல் இருக்கும்போது. ஃபோர்க்கில் தூக்கும்போது ஓர் அளவு, இரண்டு உத்தரங்களுக்கு நடுவே ரேக்கில் நிற்கும்போது அதைவிடக் குறைந்த இன்னோர் அளவு. விற்றவரிடம் ரேக் அளவை எழுத்தில் கேளுங்கள். அதுவரை கீழே இறக்கிவையுங்கள். எஃகுக் குழாய் பதித்த வகை வளைவைக் குறைக்கும், விலை கூடும். உங்கள் சரக்குக்கு அது கட்டுமா, மரமே போதுமா என்பதில் என் கிடங்கிலேயே இன்னும் வாக்குவாதம் ஓடுகிறது.