லைனிங் ஒரு பக்கம் முறுக்குவது ஏன்?

கேள்வி: அலுவலகத்துக்கென்று நேர் ஸ்கேர்ட் ஒன்று தைத்தேன். புறக்கோட்டையில் வாங்கிய வழுக்கல் பொலியெஸ்டர்தான் லைனிங். நடக்க நடக்க அது வலப்பக்கம் முறுக்கிக்கொண்டு போகிறது. எங்கே பிழைத்தேன்? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: ஸ்கேர்ட்டை உட்புறம் திருப்பி, லைனிங்கின் கீழ் மடிப்பைப் பிரித்துவிட்டு, இடுப்பில் கிளிப் போட்டு ஓரிரவு தொங்க விடுங்கள். காலையில் பக்கத் தையல்களைப் பாருங்கள். ஒன்று முன்னுக்கும் மற்றது பின்னுக்கும் நகர்ந்து, லைனிங் முழுவதும் சுற்றியிருந்தால் வெட்டியதில்தான் பிழை. தையல்கள் இடத்தில் நின்று, ஒன்று மட்டும் சுருங்கி இழுத்தால் தைத்ததில் பிழை.

வழுக்கல் துணியில் முதலாவதுதான் அதிகம். மேசையில் விரிக்கும்போதே நகர்ந்துவிடும். கத்தரி போகும்போது நெடுக்கு நூல் சாய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. சாய்வாக வெட்டிய துணியோ தொங்கியதும் தன் நூல் போன பக்கம் திரும்பும். எந்தத் தையலாலும் அதை நிறுத்த முடியாது. புதிதாக வெட்டத்தான் வேண்டும். அடுத்த முறை துணியின் ஓரத்தில் ஒரு குறுக்கு நூலை உருவி எடுங்கள். அது விட்ட கோட்டில் நேராக வெட்டி, அந்த விளிம்பை மேசை விளிம்போடு பொருத்துங்கள். அடியில் பழைய கடதாசி விரித்து, துணியைக் கடதாசியோடு சேர்த்துக் குண்டூசி குத்தி, இரண்டையும் ஒன்றாகவே வெட்டினால் வழுக்காது. பற்றனின் நெடுக்குக் கோடு மேலும் கீழும் கரையிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று டேப் வைத்துப் பார்ப்பது கட்டாயம்.

தைக்கும்போது மெஷினின் பற்கள் கீழ்த்துணியை முன்னுக்கு இழுக்கும், மேல்துணி சற்றுப் பின்தங்கும். ஒரு பக்கத்தை இடுப்பிலிருந்தும் மறுபக்கத்தைக் கீழிருந்தும் தைத்தால் இந்த இழுப்பு எதிரெதிராக விழும். இரண்டையும் கீழிருந்து மேலே, முன்துண்டு மேலிருக்கும்படியே தையுங்கள்.

அகலமும் கொஞ்சம் வேண்டும். வெளித்துணியில் தையலுக்கு 5/8 அங்குலம் விட்டிருந்தால், லைனிங்கை அதே அளவில் வெட்டி, 1/2 அங்குலத்தில் தையுங்கள். சுற்றளவில் மொத்தம் 1/2 அங்குலம் கூடும். உட்காரும்போது லைனிங் இறுகி மேலேறாமலிருக்க அது போதும். டார்ட்டைத் தைக்காமல், வெளித்துணியின் டார்ட் மடிந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக மடிப்பு மட்டும் வைத்தால் இடுப்பு தடிக்காது.

இடுப்பிலும் சிப்பிலும் மட்டுமே லைனிங்கை இணையுங்கள். சிப் பற்களிலிருந்து 1/4 அங்குலமாவது தள்ளியிருக்கட்டும், இல்லாவிட்டால் பற்கள் அதைக் கடிக்கும். கீழே லைனிங் வெளித்துணியைவிட ஓர் அங்குலம் குட்டையாக, தனியாக மடிந்து தொங்க வேண்டும். பலர் இரண்டு மடிப்பையும் சேர்த்தே தைத்துவிடுவார்கள். ஸ்கேர்ட்டே இழுபட்டுக் கோணலாவது அதனால்தான். இரண்டும் தூரப் போகாமலிருக்க, பக்கத் தையல் ஒவ்வொன்றின் அடியிலும் ஒன்றரை அங்குல நூல் சங்கிலி பின்னி இணைத்தால் சரி. அதைவிடக் குறுகினால் சங்கிலியே லைனிங்கைப் பிடித்து முறுக்கும்.