தண்டில் விடுபட்ட அரை ஜூல்

மதிப்பிற்குரிய ஐயா,

½mv²-இல் m-க்குப் பதில் I, v-க்குப் பதில் ω போட்டுக்கொண்டால் சுழற்சி ஆற்றல் வந்துவிடும் என்று படித்தேன். ஒரு முனையை அச்சாகக் கொண்டு சுழலும் சீரான தண்டு: நீளம் 1 மீட்டர், நிறை 3 கிலோ, ω நொடிக்கு 2 ரேடியன். ½Iω² போட்டால் 2 ஜூல் வருகிறது. நிறை மையத்தின் வேகத்தை வைத்து ½mv² போட்டால் 1.5 ஜூல்தான். எது சரி? ω ஏன் ரேடியனில்தான் இருக்க வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

2 ஜூல்தான் சரி. ரேடியன் சின்ன விஷயம்: v = rω ரேடியனில்தான் பொருந்தும், அவ்வளவுதான். விடை ஒட்டவில்லை என்பதை மறைக்காமல் எழுதினீர்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தப் 'போட்டுக்கொண்டால்' இருக்கிறதே, அதை எப்படி நம்பினீர்கள்? எழுத்தை மாற்றி எழுதுவது நிரூபணம் ஆகாது.

சுழற்சிக்கென்று தனியாக ஓர் ஆற்றல் கிடையாது. தண்டில் இருப்பவை ஓடும் துகள்கள் மட்டுமே. அச்சிலிருந்து r தொலைவில் உள்ள துகளின் வேகம் rω, ஆற்றல் ½mr²ω². எல்லாத் துகள்களுக்கும் இதைக் கூட்ட வேண்டும். r துகளுக்குத் துகள் மாறும். ω மாறாது, ஏனென்றால் இது திண்மப் பொருள். ஒரு துகள் ஒரு சுற்று முடிக்கும்போது மற்றவையும் முடித்தாக வேண்டும். ஆகவே ½ω² கூட்டலுக்கு வெளியே வந்துவிடுகிறது. உள்ளே மிஞ்சும் Σmr²-க்கு வைத்த பெயர்தான் I, நிலைமத் திருப்புத்திறன். அந்த ½ ஒவ்வொரு துகளும் கொண்டுவந்த பழைய ½தான்.

இப்போது தண்டை மனதில் மூன்று சம துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொன்றும் 1 கிலோ. அவற்றின் நடுப்புள்ளிகள் அச்சிலிருந்து 1/6, 1/2, 5/6 மீட்டரில். வேகங்கள் 1/3, 1, 5/3. உள்துண்டு நடுத்துண்டைவிட எவ்வளவு மெதுவோ, வெளித்துண்டு அவ்வளவு வேகம். சராசரி 1, அதாவது நிறை மையத்தின் வேகம். வர்க்கங்களைப் பாருங்கள்: 1/9, 1, 25/9. உள்துண்டு இழந்தது 8/9, வெளித்துண்டு பெற்றது 16/9. ஈடாகவில்லை! நீங்கள் சராசரியை வர்க்கப்படுத்தினீர்கள். ஆற்றல் கேட்பதோ வர்க்கங்களின் சராசரி. துகள்களின் வேகம் வேறுபட்டால் இரண்டாவதுதான் எப்போதும் பெரியது.

மூன்று துண்டுகளின் ஆற்றலையும் கூட்டினால் 1.94 ஜூல். பத்துத் துண்டாக வெட்டினால் 1.995. வெட்ட வெட்ட 2-ஐ நெருங்கும், ஏனென்றால் Σmr² அப்போது ML²/3-ஐ, அதாவது 1-ஐ நெருங்குகிறது.

உங்கள் 1.5 ஜூல் தவறு அல்ல, பாதிக் கணக்கு. நிறை மையம் நகர்வதோடு, தண்டு அந்த மையத்தைச் சுற்றியும் அதே ω-வில் திரும்புகிறது. மையத்தைப் பற்றிய I = ML²/12 = 0.25. அதன் ½Iω² = 0.5 ஜூல். விடுபட்டது அதுதான்.

பாதி நீர் நிரம்பிய புட்டியைச் சட்டென்று சுழற்றும்போது மட்டும் இந்தச் சூத்திரத்தை எடுக்காதீர்கள். புட்டி திரும்பிவிடும், நீர் பின்தங்கும். பொதுவான ω இல்லை. அங்கே துகள் துகளாகக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.